சுவரில் இருபது ரிப்பன்

2021 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் "நம்பிக்கை இடைவெளி" என்று நான் சொன்ன அடுத்த நொடி, முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் நாற்காலியை ஆளுக்கு ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா தாடையில் கிடந்த முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிவிட்டார். அவர்கள் மேல் தப்பே இல்லை. ஒன்றரை வருஷமாக டிவியும் ஊர் சுற்றிய ஆட்டோ ஒலிபெருக்கியும் இடைவெளி என்றால் ஆறடி என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தன. பாடப்புத்தகச் சொல்லை அங்கே கொண்டுபோய் நிறுத்திய தப்பு என்னுடையது.

மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரக் கணக்குப் பார்ப்பது என் தொழில். ஊரில் முதல் ஊசி போட்டுக்கொண்ட பலர் இரண்டாவதுக்குப் போகாமல் இருந்தார்கள், "நீ படிச்சதைக் கொஞ்சம் வந்து சொல்லும்மா" என்று நூலகர் கூப்பிட்டார், போனேன். பேச எடுத்துக்கொண்டது கோவாக்சின் தடுப்பூசியின் மூன்றாம் கட்ட ஆய்வு. அது லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதில் எல்லோரும் கேள்விப்பட்ட எண் 77.8 சதவீதம். அதை ஒட்டியே இன்னும் இரண்டு எண்கள் இருக்கும், 65.2 முதல் 86.4 வரை என்று; அதைத்தான் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி என்போம். அந்த இரண்டு எண்கள்தான் என் பேச்சே. மொத்தம் இருபது பேர். ஓய்வுபெற்ற கண்டக்டர் மாமா, மளிகைக்கடை அண்ணாச்சி, தையல்கடை அக்கா, சத்துணவு மையத்தில் வேலை பார்க்கும் இருவர், மகளிர் குழுவில் இருக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர், நூலகத்துக்குச் சும்மா பேப்பர் படிக்க வந்து மாட்டிக்கொண்ட இரண்டு கல்லூரிப் பையன்கள்.

முதல் பத்து நிமிஷம் சொதப்பல்தான். 65-லிருந்து 86 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நான் சொன்னதும் கண்டக்டர் மாமா கேட்டார்: "ஏம்மா, டிக்கெட் எவ்வளவுன்னு கேட்டா 65-லேர்ந்து 86 வரைக்கும்னு சொன்னா பஸ்ல அடிக்க மாட்டாங்களா? அப்ப அவங்களுக்கே தெரியலையா?" கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே சுருக்கென்றது. இந்தத் தொழிலில் நாங்கள் நேர்மையின் அடையாளமாகப் போடுகிற அந்த இரண்டு எண்கள், கேட்கிறவர் காதில் "எங்களுக்குத் தெரியாது" என்றுதான் விழுகின்றன. இன்னொரு வகை ஆட்களும் உண்டு. அவர்களுக்கு 95 சதவீதம் என்ற சொல் மட்டும் கேட்கும், உடனே "95 சதவீதம் உறுதியாமே" என்று அடுத்த தெருவில் போய்ச் சொல்லிவிடுவார்கள். இந்த இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

சரி, 65-86க்குப் போவதற்கு முன்னால் 77.8 என்பதே என்ன என்று ஒருமுறை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அண்ணாச்சி கேட்ட கேள்வி அது: "நூறு பேர் ஊசி போட்டா 78 பேர் தப்பிப்பாங்க, 22 பேருக்கு வந்துரும், அதானே?" அப்படி இல்லை. இதற்குச் சதவீதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுவதுதான் வழி. நாட்டில் 25 இடங்களில் நடந்த ஆய்வு அது. சேர்ந்தவர்கள் 25,798 பேர். குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்கு டம்மி ஊசி, யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. அதில் ஏற்கெனவே கொரோனா வந்துபோன தடயம் ரத்தத்தில் இல்லாதவர்களை மட்டும் எடுத்து, இரண்டாவது ஊசி போட்டு 14 நாள் கழிந்த பிறகு யாருக்கு அறிகுறியோடு நோய் வந்தது என்று எண்ணினார்கள். நிஜ ஊசி போட்ட 8,471 பேரில் 24 பேருக்கு வந்தது. டம்மி ஊசி போட்ட 8,502 பேரில் 106 பேருக்கு. பத்தாயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால் டம்மிப் பக்கம் சுமார் 125, நிஜப் பக்கம் சுமார் 28. ஊசி இல்லாமல் வந்திருக்க வேண்டிய நோயில் கிட்டத்தட்ட முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே வராமல் போயிற்று, அந்தப் பங்குதான் 77.8. (24-ஐ 106-ஆல் வகுத்து, வருகிற சதவீதத்தை நூறிலிருந்து கழித்துப் பார்க்கிறவர்களுக்கு 77.4 போல வரும். ஒவ்வொருவரும் எத்தனை நாள் கண்காணிப்பில் இருந்தார்கள் என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்த்ததால் அந்தச் சின்ன வித்தியாசம்.)

"அப்ப 24, 106-னு எண்ணித்தானே எடுத்திருக்காங்க, எண்ணினதுல என்ன சந்தேகம்?" என்று தையல்கடை அக்கா கேட்டார். அன்றைக்குக் கேட்ட கேள்விகளில் எனக்குப் பிடித்தது அதுதான். எண்ணியதில் சந்தேகமே இல்லை. ஆனால் எண்ணியது அந்தக் கிட்டத்தட்ட பதினேழாயிரம் பேரை. நமக்கு வேண்டியது அவர்கள் கதை இல்லையே, நம் கதை. அதே ஊசி, அதே நாடு, அதே மாதங்கள், வேறு பதினேழாயிரம் பேர் என்றிருந்தால் 24-க்குப் பதிலாக 20 வந்திருக்கலாம், 29 வந்திருக்கலாம். எவ்வளவு தூரம் ஆடும் என்பதுதான் கேள்வி. அதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று அனுபவத்தில் தெரிந்ததால் பையில் பட்டாணி கொண்டு போயிருந்தேன்.

பட்டாணிக்கு முன்னால் ஒரு கொண்டைக்கடலைக் கதை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு எவர்சில்வர் தூக்கு. அதில் காய்ந்த பச்சைப் பட்டாணியும் வெள்ளைப் பட்டாணியும் கலந்து ஒரு கிலோ. பச்சை எவ்வளவு என்று ஒரு கவரில் எழுதி ஒட்டி, நூலகர் மேசை மேல் வைத்துவிட்டேன். சுவரில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் காகிதம் ஒட்டி, தையல் டேப்பை வைத்து பூஜ்யத்திலிருந்து நூறு வரை குறித்தோம், ஒரு சென்டிமீட்டர் ஒரு சதவீதம். தையல்கடை அக்கா கடையிலிருந்து ரிப்பன் கொண்டு வந்து, 26 சென்டிமீட்டராக இருபது துண்டு வெட்டிக் கொடுத்தார். ஆட்டம் இதுதான்: ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கில் கைவிட்டு 50 பட்டாணி எடுக்க வேண்டும், பச்சையை எண்ண வேண்டும், இரண்டால் பெருக்கினால் சதவீதம். அந்தச் சதவீதத்தில் ரிப்பனின் நடுப்பகுதி வருகிற மாதிரி சுவரில் குத்த வேண்டும். அதாவது தனக்கு வந்த எண்ணுக்குக் கீழே 13, மேலே 13. பட்டாணியைத் திரும்பத் தூக்கில் போட்டுக் கலக்கிவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

13 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். தூக்கில் இருக்கிற கலவை எனக்குத் தெரியும் என்பதால் முந்தின நாளே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நிஜ வேலையில் ரிப்பனின் நீளத்தையும் கைக்கு வந்த பட்டாணியை வைத்தே கணக்கிட வேண்டும், ஆளுக்கு ஆள் நீளம் கொஞ்சம் மாறும். அந்தச் சிக்கலை வேண்டுமென்றே மறைத்தேன். கணக்குப் படிக்காதவர்களிடம் பேசும்போது எதை மறைக்கலாம் எதை மறைக்கக்கூடாது என்பதில் எனக்கு ஒரு வரைமுறை உண்டு. கணக்குப் போடும் விதத்தை மறைக்கலாம், முடிவின் அர்த்தத்தை மறைக்கக்கூடாது.

கண்டக்டர் மாமாவுக்கு 12 பச்சை, 24 சதவீதம், ரிப்பன் 11-லிருந்து 37 வரை. தையல்கடை அக்காவுக்கு 17, அதாவது 34, ரிப்பன் 21-லிருந்து 47. கல்லூரிப் பையன் ஒருவனுக்கு 19. நூலகருக்கு 15. குழுப் பெண் ஒருவருக்கு எட்டே எட்டு, "என் ராசி அப்படி" என்றார். அண்ணாச்சிக்கு 23. அவர் தானியத்தைக் கையில் அள்ளியே எடை சொல்கிற ஆள், "பச்சை பாதிக்குப் பக்கம் இருக்கும், எழுதிக்கோ" என்று அடித்துச் சொல்லிவிட்டு ரிப்பனைக் குத்தினார், 33-லிருந்து 59.

இருபது ரிப்பனும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுவரில் ஏறியதும் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. எல்லாம் ஒரே தூக்கு, ஒரே அளவு பட்டாணி, ஒரே நீள ரிப்பன், ஆனால் ஒன்று இடது பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது, ஒன்று வலது பக்கம். ஒரு அம்மா மட்டும் மெதுவாக, "ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகலையே" என்றார். ஆமாம். தூக்கில் இருக்கிறது மாறவில்லை, எடுத்த கைதான் மாறியது.

அப்புறம்தான் கவரைப் பிரித்தோம். 30. அக்கா 30-ல் ஒரு நூலைக் கட்டி மேலிருந்து கீழே தொங்கவிட்டார். நூல் பதினெட்டு ரிப்பனைத் தொட்டுக்கொண்டு இறங்கியது. இரண்டைத் தொடவில்லை. எட்டுப் பச்சை எடுத்தவரின் ரிப்பன் 3-லிருந்து 29 வரை, ஒரு சென்டிமீட்டரில் தப்பிவிட்டது. இன்னொன்று அண்ணாச்சியுடையது.

அந்த இடத்தில் நான் கேட்ட ஒரே கேள்வி: "அண்ணாச்சி, கவரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி உங்க ரிப்பன் தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"எப்படிம்மா தெரியும்? எல்லாரும் எடுத்த மாதிரிதான நானும் எடுத்தேன்."

95 சதவீதம் என்று எழுதுகிறபோது நாங்கள் சொல்ல வருவது முழுக்க இவ்வளவுதான். இந்த மாதிரி அளந்து, இந்த நீளத்துக்கு ரிப்பன் வெட்டினால், இருபதில் பத்தொன்பது தடவை ரிப்பன் நூலைத் தொடும். (ஒவ்வொரு இருபதிலும் கறாராக ஒன்று தப்பும் என்று இல்லை, எங்களுக்கு இரண்டு தப்பியது, சில சமயம் ஒன்றும் தப்பாது.) இந்த 95 ரிப்பன் வெட்டும் முறைக்குக் கொடுத்த சான்றிதழ், அண்ணாச்சி கையில் இருக்கிற குறிப்பிட்ட ரிப்பனுக்குக் கொடுத்தது இல்லை. அவருடைய ரிப்பன் ஒன்று தொட்டது, இல்லை தொடவில்லை, அதில் பாதி முக்கால் எல்லாம் கிடையாது. தொடாதவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான் விஷயம். அந்தப் பதினேழாயிரம் பேர் ஆய்வு என்பது சுவரில் ஒரே ஒரு ரிப்பன். மிச்சம் பத்தொன்பது ரிப்பனை யாரும் குத்தவில்லை. கவரும் இல்லை.

நம்பிக்கை இடைவெளி என்ற பெயரைப் பற்றி ஒன்று. இந்த முறையை 1934-ல் லண்டனில் புள்ளியியலாளர்கள் கூட்டத்தில் ஜெர்சி நெய்மன் என்ற போலந்துக்காரர் முன்வைத்தபோது, அங்கே இருந்த ஆர்தர் பவுலி என்ற பெரியவர், இதில் நம்பிக்கை என்பது நம்பவைத்து ஏமாற்றுகிற வித்தைதானோ என்று சந்தேகப்பட்டுப் பேசினார். பவுலி சும்மா ஆள் இல்லை, மாதிரிக் கணக்கெடுப்பில் அந்தக் காலத்தின் பெரிய கை. அவருக்கே அப்படிப் பட்டிருக்கிறது என்றால், கண்டக்டர் மாமா பஸ் டிக்கெட்டை இழுத்ததில் ஆச்சரியம் இல்லை. அன்றைக்குப் பிறகு நான் ஊர்க்கூட்டங்களில் அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். ரிப்பன் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது 65-86க்குத் திரும்பலாம். அத்தனை ஆயிரம் பேர் கலந்துகொண்ட ஆய்வில் ரிப்பன் ஏன் இவ்வளவு நீளம்? கல்லூரிப் பையன் இதைத்தான் கேட்டான், "அக்கா, நாங்க 50 பட்டாணிக்கு 26. அவங்க இருபத்தஞ்சாயிரம் பேரு, அதுக்கு 21-ஆ?" நியாயமான கேள்வி, படித்தவர்களே சறுக்குகிற இடமும் இதுதான். ரிப்பனின் நீளத்தை முடிவு செய்வது எத்தனை பேருக்கு ஊசி போட்டார்கள் என்பது இல்லை, எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதுதான். நோயே வராத பதினாறாயிரத்துச் சொச்சம் பேர் இந்த ஒப்பீட்டில் கிட்டத்தட்ட மௌன சாட்சிகள். நோய் வந்தவர் 24-ம் 106-ம், கூட்டினால் 130. ஆய்வை முதலில் திட்டமிட்டபோதே 130 பேருக்கு வந்ததும் கணக்கை முடிப்பது என்றுதான் வைத்திருந்தார்கள். ஆக, தூக்கிலிருந்து எடுத்தது 130 பட்டாணி, அதில் 24 பச்சை.

இப்படிப் பார்த்தால் ரிப்பனின் இரண்டு முனைகளையும் ஆட்களாக மாற்றிச் சொல்லிவிடலாம். நான் இதுவரை பேசியதில் சட்டென்று எல்லோருக்கும் பிடிபட்டது இதுதான். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமான ஆட்கள். ஊசி வெறும் தண்ணீராக இருந்தால் 130 பேர் இரண்டாகப் பிரிந்து இந்தப் பக்கம் 65, அந்தப் பக்கம் 65 என்று பக்கத்தில் வந்திருக்கும். வந்தது 24-க்கு 106. 130 பேரை வைத்து அளக்கும்போது அதிர்ஷ்டத்தால் ஏற்படுகிற ஆட்டத்தைக் கணக்கிட்டால், அந்த 24 என்பது 16 வரை இறங்கலாம், 34 வரை ஏறலாம். 16 என்றால் எதிர்ப்பக்கம் 114, ஊசியின் பலன் 86 சதவீதம். 34 என்றால் எதிர்ப்பக்கம் 96, பலன் 65-க்குப் பக்கம். வந்துவிட்டதா, 65-ம் 86-ம்? (என் சக தொழில்காரர்கள் இந்த மாற்றத்தில் சில நுணுக்கங்களை விட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வரலாம், வரட்டும். முனைகள் ஏறக்குறைய அச்சில் இருக்கும் எண்களிலேயே வந்து நிற்கின்றன.) கண்டக்டர் மாமா கரும்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "34 பேருக்கு வந்தாக்கூட அந்த 65 பேர் கிட்ட வராது" என்றார். நான் அரைமணி நேரம் சொல்லவந்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். "அவங்களுக்கே தெரியலையா" என்ற அவருடைய முதல் கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. எவ்வளவு என்று பைசா சுத்தமாகத் தெரியாது, ஆனால் தண்ணீர் இல்லை என்று தெரியும். மோசமான முனையிலேயே கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு நோயைத் தடுக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு, ஊரில் பலர் வாயில் புழங்கியதும் அதுதான்: நோய் முற்றுவதைத் தடுப்பதில் 93.4 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் ரிப்பனைப் பார்த்தால் 57.1-லிருந்து 99.8. ஏன் இவ்வளவு நீளம் என்பதற்கு இப்போது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை, எத்தனை பட்டாணி என்றுதான் கேட்டார்கள். பதினாறு. நோய் முற்றியவர்கள் மொத்தமே 16 பேர், டம்மிப் பக்கம் 15, நிஜப் பக்கம் ஒருவர். அந்த ஒருவரோடு இன்னொருவர் சேர்ந்து 2-க்கு 14 என்று ஆகியிருந்தால் 93 சடாரென்று 86-க்குப் போயிருக்கும். மூன்றுக்கு 13 என்றால் 77. அந்த ஒருவரும் தப்பியிருந்தால் நூற்றுக்கு நூறு என்று தலைப்புச் செய்தி. ஒரே ஆள் இந்தப் பக்கம் சாய்ந்தால் 86, அந்தப் பக்கம் சாய்ந்தால் 100. தசமப் புள்ளி வரை துல்லியமாக எழுதிய 93.4-க்குப் பின்னால் இருப்பது இந்த ஆட்டம். அதனால் "முத்தறதுல இருந்து காப்பாத்தறதுக்கு இன்னும் நல்லா வேலை செய்யுது போல, 78-ஐ விட 93 பெருசுல்ல" என்று ஒருவர் சொன்னபோது, இந்த 16 பேரை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்றேன். இரண்டு ரிப்பனையும் மேலும் கீழுமாகக் குத்திப் பார்த்தால் குட்டையானது முழுசாக நீளமானதுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ரிப்பனைக் குட்டையாக்க வழி இல்லையா என்று கேட்டார்கள். இருக்கிறது, செலவு பிடிக்கும். மாமா, அக்கா, நூலகர், கல்லூரிப் பையன் நான்கு பேர் எடுத்ததையும் ஒன்றாகக் கூட்டினோம், 200 பட்டாணியில் 63 பச்சை, 31 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. 200 பட்டாணிக்கு ரிப்பனை 13 சென்டிமீட்டராக வெட்டினால் போதும், அதாவது பாதி. நாலு மடங்கு எண்ணினால் பாதி ரிப்பன். "நாலு ஆள் வேலைக்கு ரெண்டு ஆள் கூலிதானா?" என்றார் அக்கா. அப்படித்தான். வர்க்கமூலம் என்ற சொல்லை உச்சரிக்காமலேயே அது இறங்கிவிட்டது. மருந்து ஆய்வுகள் எல்லாம் ஏதோ ஒரு இடத்தில் போதும் என்று நிற்பதற்கும் இதுதான் காரணம்.

இப்போது கொண்டைக்கடலை.

முந்தின வாரம் வீட்டில் ஒத்திகை பார்த்தபோது பட்டாணி இல்லை, கறுப்புக் கொண்டைக்கடலையும் வெள்ளைக் கொண்டைக்கடலையும்தான் இருந்தன. பாதிக்குப் பாதி கலந்து, டப்பாவை நன்றாகக் குலுக்கி, மேலாக அள்ளினேன். வெள்ளை எக்கச்சக்கமாக வந்தது. திரும்ப அள்ளினேன், திரும்பவும் வெள்ளை. குலுக்கக் குலுக்க மோசமாகிக்கொண்டே போயிற்று. வெள்ளைக் கடலை பருமன், கறுப்பு பொடி. குலுக்கும்போது பொடியானது சந்துகளில் இறங்கி அடியில் போய்விடுகிறது, பருத்தது மேலே வந்து நிற்கிறது. அரிசி புடைக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. அந்த டப்பாவையும் கூட்டத்துக்குக் கொண்டு போயிருந்தேன். இரண்டு பேரைக் குலுக்கி மேலாக அள்ளச் சொன்னேன், இருவருக்கும் வெள்ளையே அதிகம், இரண்டு ரிப்பனும் 50-ஐத் தாண்டி ஒரே பக்கம் ஓடிவிட்டன. இன்னும் நாலு மடங்கு அள்ளினால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். அண்ணாச்சிதான் பதில் சொன்னார், "மேலாக அள்ளினா மூட்டையையே அள்ளினாலும் அப்படித்தான் வரும். ரிப்பன்தான் சின்னதாகும்."

பட்டாணியில் வருகிற தப்பு அதிர்ஷ்டத்தின் தப்பு, ஒருமுறை இடது, ஒருமுறை வலது. அதை ரிப்பன் அளந்து சொல்லும். கொண்டைக்கடலையில் வருவது அள்ளும் விதத்தின் தப்பு, எப்போதும் ஒரே பக்கம். ரிப்பனுக்கு அது கண்ணிலேயே படாது. நிறைய அள்ளினால் ரிப்பன் குட்டையாகி, தப்பான இடத்தில் உறுதியாக நிற்கும், பார்க்கிறவருக்கு அது முன்னைவிட நம்பகமாகவும் தெரியும். ஒரு ஆய்வில் கொண்டைக்கடலை வேலை நடந்திருக்கிறதா என்று ரிப்பனைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எப்படி ஆள் எடுத்தார்கள், யாரை விட்டார்கள், யார் பாதியில் போனார்கள் என்று அறிக்கையின் அந்தச் சலிப்பூட்டும் பக்கங்களைத்தான் படிக்க வேண்டும். எந்தக் கையில் எந்த ஊசி என்று யாருக்கும் தெரியாமல், குலுக்கல் முறையில் இரண்டு பக்கமும் பிரித்தார்கள் என்று முதலில் சொன்னேனே, அது இந்தக் குலுக்கிய டப்பா வேலை நடக்காமல் தடுக்கத்தான்.

கடைசிக் கேள்வி குழுப் பெண் ஒருவரிடமிருந்து. அது ஓமிக்ரான் பேச்சாகக் கிடந்த நேரம், தமிழ்நாட்டின் முதல் ஓமிக்ரான் நோயாளி சென்னையில் என்று அந்த டிசம்பர் நடுவில்தான் செய்தி வந்திருந்தது. "புதுசா வந்திருக்கே, அதுக்கும் இதே 65-லேர்ந்து 86-தானா?" இல்லை என்று சொன்னேன். அந்த ஆய்வுக்கு ஆள் சேர்த்தது 2020 நவம்பரிலிருந்து 2021 ஜனவரி வரை, ஓமிக்ரான் அப்போது கிடையாது. அவர்கள் எடுத்த 130 பட்டாணியும் பழைய தூக்கிலிருந்து. இது வேறு தூக்கு. வேறு தூக்கில் எவ்வளவு பச்சை என்று இந்த ரிப்பன் ஒன்றும் சொல்லாது, 65-க்குக் கீழேயும் போகலாம். சொல்லும்போது எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது, இரண்டாவது ஊசிக்குப் போகச் சொல்ல வந்த இடத்தில் இதைச் சொல்லவா என்று. அவர் தலையாட்டிவிட்டு, "புதுசுக்கும் யாராவது எண்ணிக்கிட்டு இருப்பாங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். இருப்பார்கள் என்றேன்.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அண்ணாச்சி தூக்கோடு வந்து நின்றார். "பட்டாணியை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார். சுண்டலுக்கு என்று நினைத்துச் சரி என்றுவிட்டேன்.

மூன்று நாள் கழித்து நூலகர் செல்போனில் ஒரு படம் அனுப்பினார். கடையில் பில் போடுகிற துண்டுச்சீட்டு, அதில் அண்ணாச்சி கையெழுத்து. அவரும் கடைப் பையனும் உட்கார்ந்து மொத்தத் தூக்கையும் எண்ணியிருக்கிறார்கள். மொத்தம் 4,312. பச்சை 1,327. கீழே கோடு போட்டு 30.8 என்று எழுதியிருந்தது. நான் கவரில் எழுதிய 30 எடைக்கணக்கு, 300 கிராம் பச்சை, 700 கிராம் வெள்ளை. பச்சை கொஞ்சம் பொடியாக இருந்திருக்கிறது, அதனால் எண்ணிக்கையில் கூடிவிட்டது. ஊருக்கெல்லாம் கொண்டைக்கடலைப் பாடம் எடுத்தவளுக்கு அது உறைக்கவில்லை.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். "கவரே தப்பு பாத்தியா" என்றார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நான் இப்பவும் வெளியதாம்மா நிக்கிறேன்."